மாணவர் பேரவைத் தேர்தல்: நல்ல முழக்கம் ஒன்று அமைய உதவுங்கள்

கடைசிமேசை | திங்கள், இரவு 9.40

என் வகுப்புத் தோழி மாணவர் பேரவைச் செயலாளர் பதவிக்கு நிற்கிறாள். உண்மைப் பெயரை இங்கே போட விருப்பமில்லை. மதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயரும் அதே அளவுதான், ஓசையும் ஏறக்குறைய அதேதான். பிரசாரத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது. போட்டியிடுபவர்கள் மூன்று பேர்.

முழக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிட்டது. இதுவரை எழுதியவை இவை:

"மாற்றத்தை நோக்கி மாணவர் சக்தி, ஒளிமயமான நாளைக்கு முதல் படி"

"உங்கள் குரலாய் பேரவையில் மதி"

"தூங்கும் பேரவை போதும்"

மூன்றாவதுதான் நண்பர்களுக்குப் பிடித்திருக்கிறது. மதிக்குப் பிடிக்கவில்லை. யாரையும் குத்தாமல், நல்லதைச் சொல்லி, அதே நேரத்தில் நினைவில் நிற்கிற மாதிரி வேண்டும் என்கிறாள். எனக்கோ நல்லதைச் சொல்ல ஆரம்பித்தாலே வாழ்த்து மடல் வாசகம் மாதிரி வந்து நிற்கிறது. என்ன செய்வது?

---

நூலகவாசி | திங்கள், இரவு 10.05

முதலில் நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிப்போம் என்று சொல்லுங்கள். அடுத்து தேர்வுக் கால அட்டவணையை முன்கூட்டியே வெளியிட வேண்டும். விளையாட்டுத் திடலில் விளக்கு வேண்டும். மகளிர் ஓய்வறையைச் சீரமைக்க வேண்டும். உள்மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்பதைக் காட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் யார் வாக்களிக்க மாட்டேன் என்பார்கள்?

---

கடைசிமேசை | திங்கள், இரவு 10.11

நன்றி. ஆனால் இது வாக்குறுதிப் பட்டியல் ஆயிற்றே. நான் கேட்டது ஒரு வரி.

---

ஒற்றுமிகும் | திங்கள், இரவு 10.30

"குரலாய்ப் பேரவையில்" என்று வர வேண்டும். ப் மிகும். பதாகையில் எழுதும் முன்பாவது திருத்திவிடுங்கள். பிழையோடு தொங்கவிட்டால் தமிழ்த்துறை வாக்கு முழுவதும் போய்விடும்.

---

சுவரெழுத்து | திங்கள், இரவு 11.20

தம்பி, நான் பல ஆண்டுகள் தொழிற்சங்கத் தேர்தல்களுக்கு வாசகம் எழுதியவன். இப்போது விளம்பரத் துறையில் இருக்கிறேன். உங்கள் மூன்று வரிகளையும் இரண்டே கேள்வி கேட்டுப் பார்க்கிறேன்.

முதல் கேள்வி: உங்கள் வேட்பாளரின் பெயரை எடுத்துவிட்டு எதிராளியின் பெயரைப் போட்டால் அந்த வரி அப்படியே பொருந்துகிறதா? "மாற்றத்தை நோக்கி" யாருக்கும் பொருந்தும். கல்லூரி முதல்வர் வரவேற்புரையில் சொன்னாலும் பொருந்தும். "உங்கள் குரலாய்" வரியும் அப்படித்தான். மதியை எடுத்துவிட்டு யாரைப் போட்டாலும் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாம் கேள்வி: இதைக் கேட்டவர் மறுநாள் திருப்பிச் சொல்வாரா? முதல் வரியை ஒருவரிடம் சொல்லுங்கள், அடுத்த நாள் கேட்டுப் பாருங்கள். "ஏதோ மாற்றம் என்று சொன்னீர்கள்" என்பார். அந்த "ஏதோ" வந்துவிட்டால் வரி செத்துப்போயிற்று என்று அர்த்தம்.

"தூங்கும் பேரவை போதும்" நினைவில் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் நிற்பது எது? தூங்குகிற பேரவை. மதி அதில் எங்கே இருக்கிறாள்? அதோடு, போன ஆண்டுப் பேரவையில் இருந்தவர்கள் இன்னும் உங்கள் வகுப்புகளில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அவர்களுக்கும் வாக்கு உண்டு, நண்பர்களும் உண்டு.

நல்லதைச் சொன்னால் வாழ்த்து மடலாகிவிடுகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் நல்லதைச் சொன்னது இல்லை. செயல் எதையும் சொல்லாததுதான். "சக்தி", "ஒளி", "படி" மூன்றும் பெயர்ச்சொற்கள். யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதற்கு ஒரு வினைகூட இல்லை. வரி எழுதுவதை இரண்டு நாள் நிறுத்துங்கள். இருபது பேரிடம் போய், "பேரவையிடம் உனக்கு என்ன எரிச்சல்?" என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

---

விரைவுரயில் | செவ்வாய், காலை 7.15

எதிர்மறை வேலை செய்யாது என்று அடித்துச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 1979 தேர்தலுக்கு முன் கன்சர்வேட்டிவ் கட்சி ஒட்டிய சுவரொட்டியில் வேலையற்றோர் வரிசை நீண்டுகொண்டே போகும். "லேபர் வேலை செய்யவில்லை" என்று தலைப்பு; லேபர் ஆளும் கட்சியின் பெயர், உழைப்பு என்றும் பொருள். அவர்கள் வென்றார்கள்.

இன்னொன்று: பெயரைச் சேர்க்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. ஒபாமா 2008இல் உருவாக்கிய "எஸ் வி கேன்" வரியில் பெயர் எங்கே இருக்கிறது?

---

சுவரெழுத்து | செவ்வாய், காலை 8.50

முதலாவதில் பாதி சரி. அங்கே ஆட்சியில் இருந்தவர்களே மறுபடியும் வாக்குக் கேட்டு நின்றார்கள், ஆகவே குற்றச்சாட்டு போய் ஒட்டிக்கொள்ள ஆள் இருந்தது. இங்கே போன ஆண்டுப் பேரவையினர் யாராவது நிற்கிறார்களா? இல்லையென்றால் வீசிய கல் வெற்றிடத்தில்தான் விழும்.

இரண்டாவது, அந்த வரி ஒபாமா உருவாக்கியது அல்ல. 1972இல் அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தினர் ஸ்பானிய மொழியில் "சி, சே புவேதே" என்று முழங்கினார்கள். முடியும் என்றுதான் பொருள். அந்த முழக்கத்தைத் தந்தவர் சங்கத் தலைவர்களில் ஒருவரான டொலொரஸ் உவெர்த்தா. அதோடு, ஒபாமாவின் பெயர் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக நாள்தோறும் செய்தியில் ஓடிக்கொண்டிருந்தது. வரியில் பெயர் இல்லாவிட்டாலும் அது யாருடையது என்று உலகத்துக்கே தெரியும். உங்கள் தோழிக்கு இருப்பது ஒன்பது நாள். இப்போது எட்டு.

---

ஒருமுறைநின்றவன் | செவ்வாய், மதியம் 1.30

பெயர் விஷயத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் நான் துணைத்தலைவர் பதவிக்கு நின்றேன். "கேட்டால் கிடைக்கும்" என்பது எங்கள் முழக்கம். இரண்டே சொல், இரண்டும் க வரிசையில் தொடக்கம். மூன்றாம் நாளே எல்லோர் வாயிலும் அதுதான். பரிமாறுகிற இடத்தில் கரண்டியைத் தட்டிக்கொண்டு "கேட்டால் கிடைக்கும்" என்பார்கள். மதிப்பெண் கேட்கப் போகிறவனைப் பார்த்து "கேட்டால் கிடைக்கும்" என்பார்கள். நான் வென்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

வாக்குச்சீட்டில் முழக்கமா அச்சிட்டிருக்கும்? நான்கு பெயர், அகர வரிசையில். வாக்களித்துவிட்டு வந்த முதலாண்டுப் பையன் ஒருவன் என்னிடமே வந்து, "அண்ணா, அந்த கேட்டால் கிடைக்கும் ஆளுக்குத்தான் போட்டேன்" என்று இன்னொருவர் பெயரைச் சொன்னான். மூன்றாம் இடம் வந்தேன். இப்போதும் பழைய நண்பர்களைச் சந்தித்தால் முழக்கத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று என் பெயர்தான் யார் மனத்திலும் நிற்கவில்லை.

---

சுவரெழுத்து | செவ்வாய், மதியம் 2.05

இதைவிடத் தெளிவாக நான் சொல்லிவிட முடியாது. வாக்குச்சீட்டில் இருப்பது பெயர் மட்டும். ஆகவே முழக்கத்தை இழுத்தால் பெயரும் கூடவே வர வேண்டும்.

1952 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஐசன்ஹோவருக்காக எழுந்த "ஐ லைக் ஐக்" இதற்கு நல்ல உதாரணம். ஐக் என்பது அவருடைய சின்ன வயதுச் செல்லப்பெயர். ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இந்த மூன்று அசையையும் பிரித்துப்போட்டுக் காட்டினார். மூன்றிலும் அதே "ஐ" ஓசை. "லைக்" என்ற சொல்லுக்குள்ளேயே "ஐக்" என்ற பெயர் ஒளிந்திருக்கிறது. விரும்புகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாலே பெயர் பாதி வந்துவிடுகிறது. பெயரை வரியின் ஓரத்தில் ஒட்டுவதற்கும் ஓசைக்குள் பூட்டுவதற்கும் வேறுபாடு இதுதான்.

---

கடைசிமேசை | புதன், இரவு 8.15

கேட்டுவிட்டு வந்தேன். இருபத்துமூன்று பேர். நான் எதிர்பார்த்தது விடுதி, கட்டணம், விழா இந்த மாதிரி. அவையும் வந்தன. ஆனால் பதினான்கு பேர் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். சிலவற்றை அவர்கள் சொன்னபடியே தருகிறேன்:

"மனு கொடுத்தேன். என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை."

"முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம்."

"புகார்ப் பெட்டியில் போட்டேன், அந்தப் பெட்டியையே அப்புறம் காணோம்."

"பதில் வருமா வராதா என்று தெரிந்தால் நானே துறைத்தலைவரிடம் போயிருப்பேன்."

ஒருவர்கூட "மாற்றம்" என்று சொல்லவில்லை. கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

---

சுவரெழுத்து | புதன், இரவு 9.00

வெட்கப்பட ஒன்றுமில்லை, புதையலோடு வந்திருக்கிறீர்கள். அவர்களுக்கு உடனடித் தீர்வுகூட வேண்டாம், பதில் வேண்டும். "முடியாது என்றாவது" என்று ஒருவர் சொன்னாரே, அது தங்கம். இனி "பதில்" என்ற சொல் வரியில் இருந்தாக வேண்டும்.

"மதி", "பதில்" இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

---

ஒற்றுமிகும் | புதன், இரவு 9.25

அட! எதுகை. இரண்டாம் எழுத்து இரண்டிலும் "தி". முதலெழுத்து இரண்டும் குறில். கச்சிதமான எதுகை இது. தானாகக் கிடைத்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள். மோனைக்கு "ம" வரிசையில் ஒரு சொல் தேடுங்கள்: மறுப்பு, மனு, மறக்காது, மறுநாள்...

---

கடைசிமேசை | புதன், இரவு 10.50

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் வந்தவை:

"மனு கொடுத்தால் மதி, மறக்காமல் பதில்"

"மதி இருந்தால் பதில் இருக்கும்"

"மதியிடம் சொல், மறுநாள் பதில்"

---

ஒருமுறைநின்றவன் | புதன், இரவு 10.58

மூன்றாவது! யோசிக்கவே வேண்டாம்.

---

ஒற்றுமிகும் | புதன், இரவு 11.30

மூன்றாவதை அலகிட்டுப் பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. மதி, யிடம், சொல் என்று முதல் பாதியில் மூன்று அசை. மறு, நாள், பதில் என்று இரண்டாம் பாதியிலும் மூன்று. புள்ளியெழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால் ஐந்தும் ஐந்தும். தொடக்கத்தில் ம, ம மோனை. முடிவில் சொல், பதில் இரண்டும் "ல்". வரியின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் எதுகையில் கைகோக்கின்றன. ஒற்று மிகும் இடமும் இல்லை. எனக்கே அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"மதி இருந்தால் பதில் இருக்கும்" வரியில் வேறொரு சிக்கல் இருக்கிறது. மதி என்றால் அறிவு அல்லவா? அறிவு இருந்தால் பதில் தெரியும் என்று தேர்வு அறையில் சொல்வது போல் கேட்கும்.

---

பார்வையாளர்_7 | வியாழன், காலை 9.10

ஓசை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது நிறைவேற்றக்கூடிய வாக்குறுதியா? வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் சொன்னால் மறுநாள் சனிக்கிழமை. கட்டணக் குறைப்புக் கேட்டால் மறுநாள் என்ன பதில் சொல்வாள்? முழக்கத்தில் நாள் குறித்துவிட்டால் அதுவே கழுத்துக்குக் கயிறு. நான் எதிரணியில் இருந்தால் மகிழ்ச்சியாகக் காத்திருப்பேன்.

---

சுவரெழுத்து | வியாழன், காலை 10.20

சரியான கேள்வி. இந்த வரியின் பலமும் பலவீனமும் "மறுநாள்" என்ற அந்த ஒரே சொல்லில்தான் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டு "மறவாமல் பதில்" என்று போட்டால் பாதுகாப்பாக இருக்கும், யாரும் நம்பவும் மாட்டார்கள். மறவாமல் என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

கவனியுங்கள், வரி சொல்வது பதிலை, தீர்வை அல்ல. "இது பேரவையின் கையில் இல்லை, நிர்வாகக் குழுதான் முடிவு செய்ய வேண்டும், அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்" என்பதும் பதில்தான். யாராவது ஆர்வக்கோளாறில் பதாகையில் "மறுநாள் தீர்வு" என்று மாற்றினால் அன்றே கதை முடிந்துவிடும். விடுமுறை பற்றிக் கேட்டால் வேலைநாள் என்று நேரில் சொல்லுங்கள், வரிக்குள் நட்சத்திரக் குறி போட்டு அடியில் நிபந்தனை எழுதாதீர்கள்.

இன்னொன்று, வென்ற பிறகுதான் பதில் என்று காத்திருக்க வேண்டாம். மதி நாளையிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடக்கட்டும். யார் எதைச் சொன்னாலும் தேதி போட்டு எழுதட்டும், மறுநாள் தேடிப்போய்ப் பதில் சொல்லட்டும். வாக்களிக்கும் நாளுக்குள் முப்பது பேருக்கு அப்படி நடந்துவிட்டால், அந்த முப்பது பேரும் வரியை முழக்கமாகச் சொல்ல மாட்டார்கள். நடந்த கதையாகச் சொல்வார்கள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் எல்லா வரிகளையும் சம்பந்தமில்லாத பத்துப் பன்னிரண்டு பேரிடம் ஒரே ஒரு முறை படித்துக் காட்டுங்கள். எது பிடித்தது என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும். நாளைக்குப் போய், எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள்.

---

பார்வையாளர்_7 | வியாழன், காலை 11.00

அப்படியானால் எதிரணி வேலையை நானே செய்து பார்க்கிறேன். "மதியிடம் சொல், மறுவருடம் பதில்."

---

ஒற்றுமிகும் | வியாழன், காலை 11.12

இடிக்கிறது. இரண்டாம் பாதி ஏழு எழுத்து. கூட்டமாகச் சொன்னால் தடுக்கி விழுவார்கள்.

---

பார்வையாளர்_7 | வியாழன், காலை 11.40

"மதியிடம் சொல், மறுபடி சொல்."

---

ஒற்றுமிகும் | வியாழன், காலை 11.43

ஐயோ. ஐந்தும் ஐந்தும். அசையும் மூன்றும் மூன்றும்.

---

சுவரெழுத்து | வியாழன், மதியம் 12.30

ஐயம் வேண்டாம், இது வரும். நாம் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்ததை அவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்களா?

1964இல் அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் தரப்பு, "உங்கள் உள்ளத்துக்குத் தெரியும், அவர் சொல்வதே சரி" என்ற பொருளில் ஒரு வரி வைத்தது. எதிர்த்தரப்பு வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளத்தை வயிறாக்கி, "சரி" இருந்த இடத்தில் "கிறுக்கர்" என்ற சொல்லை எதுகையோடு செருகியது. இன்றைக்கும் பலருக்கு நினைவிருப்பது கேலி வரிதான். அது ஏன் ஒட்டியது? அவர் சொல்வது பயங்கரமாக இருக்கிறது என்ற அச்சம் ஏற்கெனவே மக்களிடம் இருந்தது. கேலிக்குத் தனியாக உயிர் கிடையாது, ஏற்கெனவே இருக்கும் ஐயத்தில்தான் வேர் பிடிக்கும்.

மதி பதில் சொல்லிக்கொண்டே இருந்தால் "மறுபடி சொல்" வெறும் வேடிக்கை. ஒரு நாள் தவறினால் அது செய்தி. ஆகவே வரியை மாற்ற நான் சொல்ல மாட்டேன். நோட்டுப் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

---

கடைசிமேசை | வெள்ளி, இரவு 7.45

சோதித்தேன். ஆறு வரிகளை நேற்றுப் பன்னிரண்டு பேரிடம் படித்தேன், இன்று கேட்டேன். ஒன்பது பேர் "மதியிடம் சொல், மறுநாள் பதில்" என்பதைச் சொன்னார்கள், அதில் ஏழு பேர் எழுத்துப் பிசகாமல். இருவர் "மறுநாளே பதில்" என்றார்கள். "தூங்கும் பேரவை" ஐந்து பேருக்கு நினைவிருந்தது. ஆனால் யார் சொல்லும் வரி என்று கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. நீங்கள் சொன்னபடியே "ஏதோ மாற்றம்" இரண்டு முறை வந்தது.

பிறகு மாடிப்படி அருகே எட்டுப் பேர் நின்று முழங்கிப் பார்த்தோம். ஒருவர் "மதியிடம் சொல்!" என்று கொடுக்க, மற்றவர்கள் "மறுநாள் பதில்!" என்று வாங்கினார்கள். இரண்டு சிக்கல்கள். கடைசி "ல்" காற்றில் கரைந்துவிடுகிறது, தூரத்தில் நின்றவருக்கு "மறுநாள் பதி" என்றுதான் கேட்டதாம். அடுத்தது, முதுகலை அக்கா ஒருவர் நின்று, "சொல் என்றால் என்ன, நாங்கள் என்ன உன் தங்கையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

---

சுவரெழுத்து | வெள்ளி, இரவு 8.30

முதல் சிக்கலுக்கு: முழு வரியிலும் நெடில் ஒன்றே ஒன்றுதான், "நா". கூட்டம் மூச்சை அங்கே வைக்கட்டும். "மறுநா...ள்" என்று நன்றாக இழுத்துவிட்டு, "பதில்" என்பதைக் கைதட்டல் போல் குறுக்கி வெட்டுங்கள். கரைவதற்குக் காரணம் கடைசியில் இழுப்பதுதான். ஓசை எழுப்புவது நெடிலின் வேலை, முடிப்பது மட்டும் ஒற்றின் வேலை.

எழுதும்போது இன்னொன்று பாருங்கள். வரியில் இருப்பது "மதியிடம்", சீட்டில் இருப்பது "மதி". தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால் பெயர் சொல்லுக்குள் மறைந்துவிடும். "மதி" இரண்டெழுத்தையும் பெரிதாக, வேறு நிறத்தில் எழுதுங்கள், "யிடம்" மெலிதாக வரட்டும். வரியை உடைப்பதானால் "சொல்" முடிந்த இடத்தில் மட்டும் உடைக்க வேண்டும். இடம் போதவில்லை என்று "மதி" ஒரு வரி, "யிடம்" அடுத்த வரி என்று எழுதிவிடப் போகிறார்கள்.

---

ஒற்றுமிகும் | வெள்ளி, இரவு 8.55

அக்காவின் கேள்வி நியாயமானது. "சொல்" ஏவல் ஒருமை. பழமொழிகளிலும் அறிவுரைகளிலும் ஒருமை இயல்பாகக் கேட்கும், ஏனென்றால் அங்கே சொல்பவர் யாரும் முன்னால் நிற்பதில்லை. இங்கே இளையவள் ஒருத்தி மூத்தவர்களைப் பார்த்துச் சொல்வதாக ஆகிவிடுகிறது. "சொல்லுங்கள்" என்று மாற்றினால் முதல் பாதி ஏழெழுத்து ஆகி ஓசை நொண்டும். "மதியிடம் சொன்னால்" என்று வைத்தால் மரியாதைச் சிக்கல் தீரும், இறுதி "ல்" தங்கும், எழுத்து ஆறு. ஒன்று கூடினால் குடி முழுகிவிடாது.

---

ஒருமுறைநின்றவன் | வெள்ளி, இரவு 9.20

வேண்டாம். "சொன்னால்" நிபந்தனை, "சொல்" அழைப்பு. அதோடு பாதி வழியில் வரியை மாற்றினால் இரண்டும் நிற்காது. முதுகலைத் துறைக்கு மட்டும் தனி வரி என்றும் போய்விடாதீர்கள், இரண்டு பேருடைய வரி என்று நினைப்பார்கள்.

---

சுவரெழுத்து | வெள்ளி, இரவு 9.50

எனக்கு இதில் உறுதியான பதில் இல்லை. "சொன்னால்" என்று நான் எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஏழு பேர் பிசகாமல் திருப்பிச் சொன்னது "சொல்" உள்ள வரியைத்தான். முழங்கும்போது யாரும் தன்னை அதட்டுவதாக நினைப்பதில்லை, கூட்டத்தின் குரலாகிவிடுகிறது. பதாகையில் தனியாக நின்று படிக்கும்போதுதான் உறுத்தும். மதியே முடிவு செய்யட்டும், வாக்குக் கேட்டு அவர்கள் முன்னால் நிற்கப் போவது அவள்தானே.

---

நூலகவாசி | சனி, காலை 8.00

நூலக நேரம் பற்றி இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

---

கடைசிமேசை | சனி, காலை 8.20

மதியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு விடுமுறை, திங்களன்று பதில் :)

---

கடைசிமேசை | புதன், இரவு 9.15

நாளை வாக்குப்பதிவு. இடையில் எழுத நேரமே இல்லை.

"சொல்" அப்படியே இருக்கிறது. மதி முதுகலை வகுப்புகளுக்கு நேரில் போய், "முழக்கத்தில்தான் சொல், நேரில் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தாள். சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளி முதல் நேற்று வரை நோட்டில் முப்பத்தொரு கேள்வி ஏறியிருந்தது. இருபத்தேழுக்கு மறுநாளே பதில் போய்விட்டது. அதில் பாதிக்கு மேல் "இப்போதைக்கு முடியாது, காரணம் இது" என்ற வகைதான். அதற்கும் நன்றி சொன்னார்கள், எனக்கே வியப்பு. நூலக நேரம் பற்றியும் கேட்டாள். பணியாளர் போதவில்லை, தேர்வு மாதத்தில் மட்டும் முயல்கிறோம் என்றார் நூலகர். நூலகவாசி, இதுதான் உங்கள் பதில், இரண்டு நாள் தாமதம்.

நான்கு தவறின. அதில் ஒன்று எதிரணிக்காரரின் அறைத்தோழர் கேட்டது. நேற்றுக் காலை எங்கள் பதாகைக்குப் பக்கத்திலேயே ஒரு அட்டை: "மதியிடம் சொல், மறுபடி சொல்". பார்வையாளர்_7, நீங்கள்தானோ என்று ஒரு நிமிடம் ஐயப்பட்டேன்.

நண்பர்கள் கிழிக்கப் போனார்கள், மதி விடவில்லை. அந்த அட்டையின் அடியில் பேனாவால், "மன்னிக்கவும், சைக்கிள் நிறுத்துமிடம் பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில்:" என்று தொடங்கி மூன்று வரி எழுதி, தேதியும் போட்டாள். மதியத்துக்குள் அதைப் படிக்கவே ஒரு கூட்டம்.

---

பார்வையாளர்_7 | புதன், இரவு 9.40

நான் இல்லை. நானாக இருந்தால் "மறுபடி" என்ற சொல்லை மட்டும் சிவப்பில் எழுதியிருப்பேன். அந்த மூன்று வரிக்காக அவளுக்கு வாக்களித்திருப்பேன். ஆனால் வென்ற பிறகு ஓர் ஆண்டுக்கு நாள்தோறும் இதைச் செய்ய முடியும் என்று இப்போதும் நான் நம்பவில்லை.

---

சுவரெழுத்து | புதன், இரவு 9.55

அது வேறு இழைக்கான கேள்வி. வாக்குச்சாவடிக்குள் முழக்க அட்டை, சட்டைக் குத்தூசி எதுவும் கொண்டு போகலாமா என்று தேர்தல் அலுவலரிடம் கேட்டுவிட்டீர்களா?

---

கடைசிமேசை | புதன், இரவு 10.02

கேட்டாயிற்று. வாசலோடு சரி, உள்ளே கூடாது. முடிவு வந்ததும் எழுதுகிறேன். இப்போது போக வேண்டும், நோட்டில் இன்றைய கேள்வி ஆறு பாக்கி.